அட்டவணை சொல்வது ஆண்டுக்கு 14%... கையில் வந்தது பூஜ்யம்! வாட்ஸ்அப்பில் வரும் 'சராசரி லாப' படத்தைச் சரிபார்ப்பது எப்படி?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலோ, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதோவொரு கம்பெனியிலோ முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஒருவர் ஓய்வு பெறுகிறார். பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வங்கிக் கணக்கில் ஒரு தொகை விழுகிறது. அந்தச் செய்தி எப்படித்தான் பரவுமோ, அடுத்த வாரமே தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு முதலீடு பற்றிப் பேசுவார். அவர் போன பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ஏதோ கூட்டத்தில் திரையில் காட்டியதையோ, அச்சடித்த தாளையோ செல்போனில் கொஞ்சம் சாய்வாக எடுத்த போட்டோ அது. இடது பக்கம் வருடங்கள், வலது பக்கம் அந்தந்த வருடத்தில் எத்தனை சதவிகிதம் ஏறியது, இறங்கியது என்ற எண்கள். கடைசி வரியில் தடித்த எழுத்தில் 'சராசரி'.

அந்தக் கடைசி வரியை நம்பலாமா என்பதுதான் கேள்வி. நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். கையில் இருக்கும் செல்போனிலேயே ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு உதாரணமாகக் கற்பனை எண்கள் எதுவும் தேவையில்லை. நம் பங்குச் சந்தையே நல்ல உதாரணம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

மூன்று வருடம், மூன்று எண்கள்

தேசிய பங்குச் சந்தையின் நிஃப்டி 50 குறியீட்டு எண், 2007-ம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் 6,138.60 புள்ளிகளில் நின்றது. அடுத்த மூன்று வருடங்களில் அது எப்படி நகர்ந்தது என்பதைச் சதவிகிதத்தில் எழுதினால் இப்படி வரும்.

2008: −51.79%
2009: +75.76%
2010: +17.95%

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலானதும் உலகச் சந்தைகள் சரிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவில் அந்த வருடம் நிஃப்டி பாதிக்கும் மேல் கரைந்தது. 2009-ல் நிலைமை தலைகீழ். மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்ததற்கு மறுவாரத் திங்கட்கிழமை, சந்தை ஏறிய வேகத்தில் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். 2010-ம் நல்ல வருடம்தான்.

இந்த மூன்றையும் கூட்டினால் 41.92. மூன்றால் வகுத்தால் 13.97. அதாவது, 'சராசரியாக ஆண்டுக்கு 14% லாபம்'. கூட்டலில் பிழை இல்லை, வகுத்தலிலும் பிழை இல்லை. இதைப் படமாக அனுப்புகிறவர் பொய் எண் எதையும் எழுதவில்லை.

ஆனால், 2010-ம் ஆண்டின் கடைசி நாளில் நிஃப்டி எங்கே நின்றது தெரியுமா? 6,134.50. தொடங்கிய இடத்துக்கு நான்கு புள்ளி கீழே! ஆண்டுக்கு 14% வளர்ந்ததாகச் சொல்லப்படும் ஒன்று, மூன்று வருடம் கழித்துப் புறப்பட்ட இடத்தில்கூட நிற்கவில்லை.

பத்து லட்ச ரூபாயின் பயணம்

எங்கே இடிக்கிறது என்று பார்க்க, குறியீட்டு எண்ணை மறந்துவிட்டு ரூபாயில் யோசிப்போம். 2007 முடியும்போது ஒருவர் பத்து லட்ச ரூபாயை நிஃப்டி போகும் வழியிலேயே போகும் ஒன்றில் போட்டுவிட்டு, மூன்று வருடம் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். டிவிடெண்ட், கட்டணம், வரி இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் வருடம் 51.79% போனது. பத்து லட்சத்தில் 5,17,900 ரூபாய் காலி. மிச்சம் 4,82,100 ரூபாய்.

இரண்டாம் வருடம் 75.76% ஏறியது. கேட்கவே ஆனந்தமாக இருக்கும். ஆனால் எதில் 75.76%? பத்து லட்சத்தில் இல்லை, மிச்சமிருந்த 4,82,100 ரூபாயில். அது 3,65,239 ரூபாய்தான் வருகிறது. ஆக, கையில் 8,47,339 ரூபாய்.

மூன்றாம் வருடம் 17.95%. அது இந்த 8,47,339 ரூபாயின் மீது. 1,52,097 ரூபாய் சேர்கிறது. மொத்தம் 9,99,436 ரூபாய்.

மூன்று வருடக் காத்திருப்பின் பலன், சுமார் 560 ரூபாய் நஷ்டம். 'ஆண்டுக்கு 13.97%' என்பது உண்மையாக இருந்திருந்தால், அதே பணம் ஏறக்குறைய 14 லட்சத்து 80 ஆயிரமாக வளர்ந்திருக்க வேண்டும். அந்த 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அட்டவணையின் கடைசி வரியில் மட்டுமே இருந்த பணம். மகள் கல்யாணத்துக்கோ வீட்டு மாடி எடுப்பதற்கோ அதை நம்பித் தேதி குறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிழை எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும். மூன்று சதவிகிதங்களும் ஒரே தொகையின் சதவிகிதங்கள் அல்ல. ஒவ்வொன்றும் அந்தந்த வருடத் தொடக்கத்தில் இருந்த தொகையின் மீது கணக்கிடப்பட்டது. அடித்தளம் வருடா வருடம் மாறுகிறது. அடித்தளம் வேறு வேறாக இருக்கும் எண்களைக் கூட்டுவது, மீட்டரையும் அடியையும் கூட்டி மொத்த நீளம் சொல்வதைப் போன்றது.

இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் எடை ஒன்றல்ல என்பதும் இதனால்தான். நூறு ரூபாய் 50% இறங்கினால் ஐம்பது. அந்த ஐம்பது 50% ஏறினால் எழுபத்தைந்துதான். பழைய நூறைத் தொட 100% ஏற வேண்டும். 2008-ல் விழுந்த நிஃப்டி ஒரே வருடத்தில் பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டுமென்றால் 107% ஏறியிருக்க வேண்டும். ஏறியது 76%. 'அவ்வளவு விழுந்தது, அதைவிட அதிகமாக எழுந்துவிட்டதே' என்று கண் சொல்லும்; பணம் வேறு சொல்லும்.

பிளஸ் டூ புத்தகத்தில் இருந்த அந்தச் சராசரி

கூட்டி வகுக்கும் சராசரிக்குப் பள்ளிக்கூடத்தில் 'கூட்டுச் சராசரி' என்று பெயர். அதன் பக்கத்திலேயே 'பெருக்குச் சராசரி' என்று இன்னொன்றும் இருந்தது. தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோன பட்டியலில் அது பலருக்கு முதலிடத்தில் இருக்கும். வருடாந்தர சதவிகிதங்களுக்குச் சராசரி காண வேண்டிய இடத்தில் நமக்குத் தேவை அதுதான்.

பெருக்குச் சராசரி கேட்கும் கேள்வி எளிது. 'மூன்று வருடமும் ஒரே சீரான வேகத்தில் போயிருந்தால், இதே முடிவுக்கு வந்து சேர அந்த வேகம் எவ்வளவாக இருந்திருக்க வேண்டும்?' பணம் பெருகுவது பெருக்கலால். அதனால் சராசரியையும் பெருக்கி எடுக்கிறோம்.

முதல் வேலை, சதவிகிதத்தைப் பெருக்கும் எண்ணாக மாற்றுவது. 100 ரூபாய் வருட முடிவில் என்னவாகும் என்று கேட்டு, வரும் விடையை நூறால் வகுத்தால் போதும். 17.95% ஏறினால் 117.95 ரூபாய்; எனவே 1.1795. 75.76% ஏறினால் 1.7576. 51.79% இறங்கினால் மிச்சம் 48.21 ரூபாய், எனவே 0.4821. இறக்கம் என்றால் எண் ஒன்றுக்குக் கீழே, ஏற்றம் என்றால் ஒன்றுக்கு மேலே. இங்கே மைனஸ் எண்ணே வராது.

அடுத்து, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்.

```
0.4821 × 1.7576 × 1.1795 = 0.9994
```

இந்த 0.9994 ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. போட்ட ஒரு ரூபாய், மூன்று வருடம் கழித்து 99.94 பைசா. பலருக்கு இதற்கு மேல் போகவே வேண்டியதில்லை.

ஆண்டு சராசரிதான் வேண்டும் என்றால், கடைசியாக ஒரு வேலை. மூன்று வருடம் என்பதால் மூன்றாம் மூலம் எடுக்க வேண்டும். செல்போன் கால்குலேட்டரைப் படுக்கைவாக்கில் திருப்பினால் கூடுதல் பட்டன்கள் தெரியும். சில போன்களில் ஓர் அம்புக்குறியைத் தொட வேண்டியிருக்கும். அதில் `^` அல்லது `xʸ` என்ற பட்டன்தான் நமக்குத் தேவை.

```
0.9994 ^ (1 ÷ 3) = 0.9998
```

ஒன்றைக் கழித்து நூறால் பெருக்கினால் −0.02. ஆண்டுக்கு 14% அல்ல. ஆண்டுக்கு மைனஸ் 0.02%. நிஃப்டி நான்கு புள்ளி குறைவாக முடிந்ததற்கும் இந்த விடைக்கும் இப்போது பொருந்திப்போகிறது.

ஐந்து வருட அட்டவணை என்றால் `(1 ÷ 5)`, பத்து வருடம் என்றால் `(1 ÷ 10)`. நான்கு வருடமாக இருந்துவிட்டால் அதிர்ஷ்டம்! சாதாரணக் கால்குலேட்டரில் இருக்கும் √ பட்டனை இரண்டு முறை அழுத்தினாலே நான்காம் மூலம் கிடைத்துவிடும்.

படத்தைப் படிப்பதில்தான் பாதி ஆபத்து

கணக்கு இவ்வளவுதான். பெரும்பாலும் தவறு நடப்பது கணக்கில் அல்ல, போட்டோவில் இருந்து எண்ணை எடுக்கும்போது.

கணக்காளர்கள் நஷ்டத்தை மைனஸ் போட்டு எழுத மாட்டார்கள். அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். அட்டவணையில் (51.79) என்று இருந்தால் அது மைனஸ் 51.79. வழக்கம் தெரியாதவர் அதை ஏதோ குறிப்பு என்று நினைத்து, ஏற்றமாகவே எடுத்துக்கொள்வார். இன்னும் சில இடங்களில் நஷ்டத்தைச் சிவப்பு நிறத்தில் அச்சடிப்பார்கள். அந்தத் தாளை யாரோ ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொருவர் போட்டோ எடுத்து, அது நான்கு குரூப்கள் சுற்றி உங்களிடம் வரும்போது சிவப்பு எது, கறுப்பு எது என்று யாருக்குத் தெரியும்? படத்தில் இருக்கும் எழுத்துகளை அப்படியே நகல் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினாலும் இதே தொல்லை. சின்னக் கோடுதானே என்று மைனஸை அது விழுங்கிவிடலாம்.

ஒரே ஒரு மைனஸ் காணாமல் போனால் என்ன ஆகும்? 2008-க்கு 0.4821 வர வேண்டிய இடத்தில் 1.5179 வந்து உட்காரும். பெருக்கிப் பார்த்தால் 3.147. ஆண்டு சராசரி 46.5%. பத்து லட்சம் மூன்று வருடத்தில் முப்பத்தோரு லட்சத்தைத் தாண்டிவிடும், தாளில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சதவிகிதங்கள் மட்டும் இல்லாமல், தொடக்க மதிப்பும் முடிவு மதிப்பும் தனியாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். நிஃப்டி போன்ற குறியீட்டு எண்ணின் பழைய மதிப்புகளும், மியூச்சுவல் ஃபண்டின் பழைய என்.ஏ.வி-யும் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். முடிவு மதிப்பைத் தொடக்க மதிப்பால் வகுத்தால், நீங்கள் பெருக்கி எடுத்த எண்ணே கிட்டத்தட்ட வர வேண்டும். 6,134.50-ஐ 6,138.60-ஆல் வகுத்தால் 0.9993. நாம் பெருக்கியது 0.9994. நான்காவது தசமத்தில் ஒன்று இடிக்கிறதே என்றால், அது சதவிகிதங்களை இரண்டு தசமத்தோடு நிறுத்திக்கொண்டதால் வந்தது. பத்து லட்சத்துக்கு நூறு ரூபாய் வித்தியாசம், கவலையில்லை. ஆனால் ஒரு பக்கம் 0.9993, இன்னொரு பக்கம் 3.147 என்று வந்தால் எங்கோ ஒரு மைனஸ் விழுந்துவிட்டது என்று பொருள்.

தொடக்க மதிப்பு, முடிவு மதிப்பு இரண்டும் கையில் கிடைத்துவிட்டால் நடுவில் இருக்கும் சதவிகிதங்களே தேவையில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். நடுவில் எப்படி ஏறி இறங்கினாலும் பெருக்குச் சராசரிக்கு அந்த இரண்டும், வருட எண்ணிக்கையும் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பெருக்குச் சராசரி ஒருபோதும் கூட்டுச் சராசரியைவிட அதிகமாக வராது. எல்லா வருடமும் ஒரே சதவிகிதம் என்றால் இரண்டும் சமம். ஏற்ற இறக்கம் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இரண்டுக்கும் இடைவெளி விரியும். வருடா வருடம் 8% தரும் டெபாசிட்டுக்கு இரண்டு சராசரியும் 8 தான். அதனால்தான் டெபாசிட்டில் பழகிய நம் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே வாய்ப்பில்லாமல் போனது.

கூகுள் ஷீட்ஸிலோ எக்ஸெலிலோ போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே `GEOMEAN` என்று தயாராகவே ஒரு ஃபார்முலா இருக்கிறது. அதற்குள் சதவிகிதத்தை அப்படியே கொடுக்கக் கூடாது. மைனஸ் எண் இருந்தால் `#NUM!` என்று பிழை காட்டும்; அது நல்லது, உஷாராகிவிடுவோம். எல்லாமே பிளஸ் என்றால் பிழையே காட்டாமல் தவறான விடையைத் தரும். 10, 20, 30 என்று கொடுத்தால் 18.17 என்று சொல்லும். சரியான விடை 19.72. முதலில் 1.10, 1.20, 1.30 என்று மாற்றி B2 முதல் B4 வரை எழுதிவிட்டு, பிறகு இப்படிக் கொடுக்க வேண்டும்.

```
=GEOMEAN(B2:B4)-1
```

அப்படியானால் கூட்டுச் சராசரி பொய்யா?

பொய் இல்லை. அது வேறொரு கேள்விக்கான விடை. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் முதலீடு சரியாகப் பத்து லட்சமாக இருக்கும்படி ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். லாபம் வந்தால் வெளியே எடுத்துவிடுவார். நஷ்டம் வந்தால் கைப்பணம் போட்டு நிரப்புவார். 2008 முடிவில் அவர் 5,17,900 ரூபாய் போட்டு நிரப்ப வேண்டும். 2009 முடிவில் 7,57,600 ரூபாய் எடுப்பார். 2010 முடிவில் 1,79,500 ரூபாய் எடுப்பார். நிகர லாபம் 4,19,200 ரூபாய். மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு 1,39,733 ரூபாய். பத்து லட்சத்துக்கு அது 13.97%. கூட்டுச் சராசரி அப்படியே வந்து நிற்கிறது!

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. உலகமே பயந்துபோயிருந்த 2008 டிசம்பரில், இன்னும் ஐந்து லட்சத்தைக் கொண்டுவந்து அதே இடத்தில் கொட்டும் தெம்பும் பணமும் அவரிடம் இருந்திருக்க வேண்டும். ஓய்வுக்காலப் பணத்தை மொத்தமாகப் போட்டுவிட்டவரிடம் அந்த இரண்டாவது ஐந்து லட்சம் எங்கிருந்து வரும்? போட்டதைப் போட்டபடி விடுகிறவருக்கு உரியது பெருக்குச் சராசரிதான்.

நம் ஏரியா கணக்கும் இதுதான்

பணம் மட்டுமல்ல, முந்தைய அளவின் மீதே அடுத்த வளர்ச்சி ஏறும் எதற்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும், 2011-ல் அம்பத்தூரும் இருந்த திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001-ல் அந்த மாவட்டத்தில் 27,54,756 பேர். 2011-ல் 37,28,104 பேர். பத்து வருட வளர்ச்சி 35.33%.

'பத்து வருடத்தில் 35 என்றால் வருடத்துக்கு மூன்றரை' என்று பத்தால் வகுத்துச் சொல்லிவிடுவோம். 1.3533-க்குப் பத்தாம் மூலம் எடுத்தால் விடை 1.0307. ஆண்டுக்கு 3.07%தான். 3.53-க்கும் 3.07-க்கும் அரை சதவிகிதம்கூட வித்தியாசம் இல்லையே, இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றும். 2001 எண்ணில் தொடங்கி வருடா வருடம் 3.53% கூட்டிக்கொண்டே போனால், 2011-ல் சுமார் 38 லட்சத்து 98 ஆயிரம் பேர் வந்திருக்க வேண்டும். இருந்தவர்களைவிட 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதிகம். 2011-ல் பூந்தமல்லி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 57 ஆயிரம். அதாவது, இல்லாத மூன்று பூந்தமல்லிகளுக்குக் குடிதண்ணீரும் பஸ்ஸும் திட்டமிட்டதாக ஆகியிருக்கும்.

இந்தப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்களும் 'இருபது வருடத்தில் விலை பத்து மடங்கு' என்ற பேச்சைக் கேட்டிருப்பார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், 900% ஏற்றத்தை இருபதால் வகுத்து 'வருடத்துக்கு 45%' என்று சொன்னால் நம்ப வேண்டாம். பத்துக்கு இருபதாம் மூலம் 1.122. வருடத்துக்கு 12.2%. நல்ல வளர்ச்சிதான். ஆனால் 45 அல்ல.

வெட்டப்பட்ட முதல் வரி

பெருக்குச் சராசரியால் கண்டுபிடிக்க முடியாத ஓர் ஏமாற்றும் இருக்கிறது. அதற்கு நிஃப்டி அட்டவணையை இன்னும் இரண்டு வருடம் நீட்ட வேண்டும். 2011-ல் −24.62%. 2012-ல் +27.70%. 2012 முடிவில் குறியீட்டு எண் 5,905.10.

ஐந்து வருடத்துக்கும் கூட்டுச் சராசரி போட்டால் 9%. வருடத்துக்கு 9% என்றால் பத்து லட்சம், 15 லட்சத்து 38 ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். நிஜத்தில் இருந்தது சுமார் 9 லட்சத்து 62 ஆயிரம். பெருக்குச் சராசரி −0.77%. இதுவரை பழைய கதைதான்.

இப்போது, போட்டோ எடுத்தவர் அட்டவணையின் முதல் வரி தெரியாமல் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கைதவறியோ, வேண்டுமென்றோ. 2008 படத்தில் இல்லை. 2009 முதல் 2012 வரை நான்கு வரிகள் மட்டும். நீங்களும் உஷாராக, கடைசி வரியில் இருக்கும் 24.2% என்ற கூட்டுச் சராசரியை ஒதுக்கிவிட்டு, 1.7576, 1.1795, 0.7538, 1.2770 என்று பெருக்கி, √ பட்டனை இரண்டு முறை அழுத்துகிறீர்கள். வரும் விடை, ஆண்டுக்கு 18.85%. கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஒரே ஒரு வரி இல்லாததால், மைனஸ் 0.77 என்பது பிளஸ் 18.85 ஆகிவிட்டது.

அதனால் படம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியை அல்ல, முதல் வரியை. அது எந்த வருடம்? அதற்கு முந்தைய வருடம் என்ன நடந்தது? மேல் ஓரத்தில் தலைப்பு வரிசை முழுதாகத் தெரிகிறதா, இல்லை எண்கள் நேரடியாகத் தொடங்குகின்றனவா? பெரிய சரிவுக்கு மறுநாள் காலையில் தொடங்கும் எந்த அட்டவணையும் அழகாகத்தான் இருக்கும். நல்ல உச்சத்தில் தொடங்கும் அட்டவணை அநியாயத்துக்கு மோசமாகத் தெரியும். நாம் எடுத்துக்கொண்ட 2007 டிசம்பரே அப்படியொரு உச்சத்துக்கு அருகில்தான். சந்தைக்கு நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும். நம் கணக்கில் டிவிடெண்ட் சேரவில்லை என்பதையும்தான். அதைச் சேர்த்தால் விடை கொஞ்சம் கூடும், 14-ஐ எட்டாது.

மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள் விளம்பரத்தில் இஷ்டத்துக்குச் சராசரி போட முடியாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான வருமானத்தைக் கூட்டு வளர்ச்சி விகிதமாகத்தான் காட்ட வேண்டும் என்பது செபியின் விதி. ஃபண்ட் நிறுவனத்தின் மாதாந்தர ஃபேக்ட்ஷீட்டில் `CAGR` என்று இருப்பது அதுதான். பெயர் வேறு, ஆள் ஒன்றே. நாம் போட்ட பெருக்குச் சராசரிதான் அது. பத்தாயிரம் ரூபாய் போட்டிருந்தால் இன்று எவ்வளவு என்பதும் பக்கத்திலேயே இருக்கும். வாட்ஸ்அப் படத்தில் இருக்கும் எண்ணையும் ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மாதா மாதம் எஸ்.ஐ.பி கட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. முதல் மாதம் போட்ட ஐயாயிரம் அறுபது மாதம் வேலை செய்திருக்கும், கடைசி மாதம் போட்ட ஐயாயிரம் ஒரு மாதம்தான் வேலை செய்திருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் தேதி வேறு, காலம் வேறு. அதற்கு ஷீட்ஸில் `XIRR` என்று தனி ஃபார்முலா இருக்கிறது. ஒரு வரிசையில் கட்டிய தேதிகள், இன்னொரு வரிசையில் கட்டிய தொகைகள் மைனஸாக, கடைசியில் இன்றைய மதிப்பு பிளஸாகக் கொடுத்தால் ஆண்டு விகிதம் வந்துவிடும். அதற்குத் தேவையான தேதிகள் எந்த வாட்ஸ்அப் படத்திலும் இருக்காது. உங்கள் பாஸ்புக்கில்தான் இருக்கும்.